கேஸில் லைட் மினுக்குகிறது, இயர்பட்டில் சார்ஜ் ஏறவில்லை: அழுக்கா, பின்னா?

கேள்வி: என் இயர்பட்ஸைக் கேஸில் வைத்தால் லைட் மினுக்குகிறது. ஆனால் வலது பக்க பட் ராத்திரி முழுக்க உள்ளேயே இருந்தாலும் சார்ஜ் ஏறுவதில்லை. இடது பக்கம் நன்றாக இருக்கிறது. காண்டாக்டில் அழுக்கா, பின் வளைந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

பதில்:

பெரும்பாலும் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். ஒரு பக்கம் ஒழுங்காக ஏறுகிறது என்பதால் கேஸின் பேட்டரியும் அதன் உள் சர்க்யூட்டும் வேலை செய்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். மிச்சம் இருப்பது வலது பக்கக் குழியில் உள்ள பின்கள், பட்டின் அடியில் உள்ள உலோகப் புள்ளிகள், பட்டுக்குள் இருக்கும் சின்ன பேட்டரி, இந்த மூன்றுதான். நான் பார்த்த வரையில் முதல் இரண்டில்தான் அதிகமாகக் கோளாறு வருகிறது.

முதலில் அந்த லைட்டை நம்பவேண்டாம். அது கேஸின் நிலையைக் காட்டுவது. மூடி திறந்தது, உள்ளே பட் இருப்பது போல் தெரிகிறது, கேஸில் சார்ஜ் குறைவு, இப்படி ஏதாவது ஒன்றைச் சொல்லும். மாடலுக்கு மாடல் அர்த்தம் மாறும். பட்டுக்குள் மின்சாரம் உண்மையாகவே போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு அது சாட்சி இல்லை. அதனால் முதல் வேலையாகக் கேஸைக் கேபிளில் போட்டு அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். மினுக்கல் நின்றும் வலது பட் அப்படியே இருந்தால், கேஸில் சார்ஜ் இல்லாததால் வந்த கோளாறு இல்லை என்று தெரிந்துவிடும்.

மினுக்கிக்கொண்டே சார்ஜ் ஏறாமல் இருப்பது எப்படி என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. கேஸின் பேட்டரி 3.7 வோல்ட் வகை. அதை உள்ளே இருக்கும் சர்க்யூட் ஏறத்தாழ 5 வோல்ட்டாக உயர்த்தி, ஒவ்வொரு குழியிலும் உள்ள இரண்டு பின்களுக்குக் கொடுக்கிறது. பட்டுக்குள் இருக்கும் சார்ஜிங் சிப் அதை வாங்கி, தன் பேட்டரியை 4.2 வோல்ட் வரை நிரப்புகிறது. பட்டின் பேட்டரி மிகச் சிறியது, பொதுவாக 30 முதல் 60 மில்லிஆம்பியர்-அவர். அது இழுக்கும் மின்னோட்டமும் சில பத்து மில்லிஆம்பியர்தான்.

பின்னும் புள்ளியும் சுத்தமாகத் தொட்டுக்கொண்டால் அந்த இடத்தில் தடை ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. 40 மில்லிஆம்பியர் போனால் இழப்பு சில மில்லிவோல்ட், அதாவது ஒன்றுமே இல்லை. அதே இடத்தில் வியர்வை உப்பும் எண்ணெயும் படிந்து தடை 50 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். 50 ஓமை 0.04 ஆம்பியரால் பெருக்கினால் 2 வோல்ட். கேஸ் 5 வோல்ட் கொடுத்தும் பட்டுக்கு 3 வோல்ட்தான் போய்ச் சேரும். பாதி சார்ஜ் உள்ள பேட்டரியே 3.7 வோல்ட்டில் இருக்கும்போது 3 வோல்ட் அதற்குள் எப்படி ஏறும்? சிப் சார்ஜை நிறுத்திவிடும். நிறுத்தியதும் மின்னோட்டம் இல்லை, இழப்பும் இல்லை, பட்டின் புள்ளியில் மறுபடி 5 வோல்ட் தெரியும். சிப் மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி விழும். இந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருப்பதால் சில மாடல்களில் லைட் விடாமல் மினுக்குகிறது. பட் இருப்பதை உணர மின்னோட்டம் அதிகம் வேண்டாம், சார்ஜ் ஏறத்தான் வேண்டும். பாதி தொடர்பு இருந்தாலே லைட் ஏமாந்துவிடும்.

இதைக் கருவி எதுவும் இல்லாமல் சோதிக்க ஒரு வழி உண்டு. வலது பட்டில் கொஞ்சமாவது சார்ஜ் இருக்கும் நேரம் பார்த்து அதைப் போனுடன் இணைத்து ஒரு பாட்டை ஓடவிடுங்கள். பாட்டு ஓடும்போதே பட்டைக் கேஸில் வைத்து மூடியைச் சாத்துங்கள். நல்ல நிலையில் உள்ள பட், பின்னில் மின்னழுத்தத்தை உணர்ந்ததும் போனிலிருந்து தானே விலகிவிடும். மூடிய பிறகும் போனில் இணைப்பு அப்படியே நின்றால் பின் தொடவே இல்லை என்று அர்த்தம். அப்போது பின் அமுங்கிக் கிடக்கிறதா, வளைந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கவேண்டும். ஒழுங்காக விலகிவிட்டது, ஆனால் ஒரு மணி நேரம் கழித்தும் சார்ஜ் ஏறவில்லை என்றால் தொடுகிறது, ஆனால் சரியாகத் தொடவில்லை. அது அழுக்கின் அடையாளம். விலகுவதும் சேர்வதுமாக இருந்தால் லூஸ் காண்டாக்ட். சில விலை உயர்ந்த மாடல்கள் கேஸில் இருப்பதைக் காந்தத்தை வைத்தும் கண்டுபிடிக்கின்றன. அவற்றில் இந்தச் சோதனை அவ்வளவு தெளிவாகப் பேசாது.

பட் முழுவதும் செத்துக் கிடந்தால் இந்தச் சோதனை செய்ய முடியாது. அப்போது மூடியைத் திறந்து வைத்து, பட்டை விரலால் லேசாகக் கீழே அழுத்திப் பிடியுங்கள். அழுத்தும்போது பட்டின் லைட் எரிந்து, விட்டதும் அணைந்தால் உயரத்தில்தான் கோளாறு. பின் தாழ்ந்திருக்கலாம், அல்லது பட் முழுதாக உட்காராமல் இருக்கலாம். இந்த இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. கடையில் தனியாக வாங்கிப் போட்ட பெரிய ரப்பர் முனை குழியில் இடித்து பட்டை அரை மில்லிமீட்டர் தூக்கினாலே போதும், தொடர்பு போய்விடும். ரப்பர் முனையைக் கழற்றிவிட்டு ஒரு முறை வைத்துப் பாருங்கள். குழியின் அடியில் பஞ்சுத் தூசி கெட்டியாகச் சேர்ந்திருந்தாலும் இதே கதைதான்.

இனி அழுக்குக்கு வருவோம். இதில் இரண்டு வகை. காது மெழுகு, தோலின் எண்ணெய், தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய், தூசி எல்லாம் சேர்ந்து மேலே ஒரு படலமாகப் படிவது முதல் வகை. துடைத்தால் போய்விடும். இரண்டாவது வகை களிம்பு, அதாவது பின்னின் உலோகமே அரிக்கப்பட்டு உருவாகும் பச்சை அல்லது கறுப்புப் படிவு. பின்னின் உள்ளே செம்புக் கலவை, அதன் மேல் நிக்கல், அதற்கும் மேல் மிக மெல்லிய தங்கப் பூச்சு. வியர்வையோடு பட்டைக் கேஸில் போட்டு மூடினால் அந்த உப்பு நீர் இரண்டு பின்களுக்கும் நடுவே பாலம் போட்டுவிடுகிறது. பின்களுக்கு இடையே ஒரே திசையில் மின்னழுத்தம் இருப்பதால் அங்கே மின்பகுப்பு நடக்கிறது. அதில் பிளஸ் பக்கத்துப் பின்தான் கரையும். அதனால்தான் களிம்பு ஏறிய கேஸ்களில் ஒரே குழியில் ஒரு பின் பளபளவென்றும் பக்கத்துப் பின் கறுத்தும் இருக்கும். டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, இரண்டு பின்களின் நிறத்தில் அப்படி வித்தியாசம் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் வியர்வைதான். சென்னை மாதிரி காற்றே ஈரமாக இருக்கும் ஊரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஓடிவிட்டோ ஜிம் முடித்தோ வந்தால் பட்டைத் துணியால் துடைத்து, ஐந்து பத்து நிமிடம் வெளியே காயவிட்டு அப்புறம் கேஸில் வையுங்கள்.

சுத்தம் செய்ய ஐசோப்ரொபைல் ஆல்கஹால் வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடையில் சின்ன பாட்டிலில் கிடைக்கும். 99 சதவீதம் என்று போட்டிருப்பதை வாங்குங்கள், அதில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லாததால் உடனே காய்ந்துவிடும். கையில் தேய்க்கும் சானிடைசரைப் பயன்படுத்த வேண்டாம், அதில் கலந்திருக்கும் கிளிசரின் பின்மேல் பிசுக்காகத் தங்கிவிடும். நெயில் பாலிஷ் ரிமூவரும் வேண்டாம், அசிட்டோன் உள்ளது கேஸின் பிளாஸ்டிக்கையே உருக்கிவிடும்.

கேபிளை எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். பஞ்சுக் குச்சியை ஆல்கஹாலில் தொட்டு, சொட்டாத அளவுக்குப் பிழிந்துகொண்டு, முதலில் பட்டின் அடியில் உள்ள இரண்டு புள்ளிகளைத் துடையுங்கள். பஞ்சில் கறுப்பு வருவது நிற்கும் வரை குச்சியை மாற்றி மாற்றித் துடைக்கவேண்டும். துடைக்கும்போது ஒலி வரும் வலைப்பகுதி மேலே பார்த்தபடி இருக்கட்டும், ஆல்கஹால் உள்ளே இறங்கக் கூடாது. புள்ளிகளில் கறை ஒட்டிக்கொண்டிருந்தால் பென்சில் ரப்பரை ஒரு சின்ன முனையாக வெட்டி நான்கைந்து முறை லேசாகத் தேய்க்கலாம். அதுவும் பட்டின் தட்டையான புள்ளிகளுக்கு மட்டும். கேஸின் பின்னில் ரப்பரைத் தேய்த்தால் துகள் பின்னைச் சுற்றியுள்ள இடுக்கில் போய் அடைத்துக்கொள்ளும். உப்புத்தாள், பிளேடு, குண்டூசி எதுவும் எங்கேயும் வேண்டாம். தங்கப் பூச்சு ஒரு மைக்ரான் அளவுகூட இருக்காது. அதைச் சுரண்டி எடுத்தால் அன்றைக்கு நன்றாகச் சார்ஜ் ஏறும், அடியில் இருக்கும் உலோகம் காற்றும் வியர்வையும் பட்டுச் சில வாரத்தில் முன்னைவிட மோசமாகிவிடும். கேஸின் பின்னைக் குண்டூசியால் நோண்டினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. இரண்டு பின்னையும் ஒரே நேரத்தில் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடுவீர்கள்.

கேஸின் பின்னைச் சுத்தம் செய்யும்போதே அதன் உடல்நிலையையும் பார்த்துவிடலாம். பெரும்பாலான கேஸ்களில் இருப்பது ஸ்பிரிங் பின். ஒரு சின்னக் குழாய், அதற்குள் ஸ்பிரிங், அதன்மேல் மேலும் கீழும் போய்வரும் ஒரு முனை. பல் குத்தும் மரக்குச்சியின் மழுங்கிய பக்கத்தால் ஒவ்வொரு முனையையும் மெதுவாக அழுத்தி விடுங்கள். உடனே துள்ளி மேலே வரவேண்டும். அமுங்கியது அமுங்கியபடி நின்றாலோ, சோம்பலாக எழுந்தாலோ குழாய்க்குள் பிசுக்கு. கண்ணுக்குத் தெரியும் முனையை எவ்வளவு துடைத்தாலும் இது போகாது. குச்சி முனையில் ஒரு துளி ஆல்கஹாலை எடுத்துப் பின்னின் ஓரத்தில் விட்டு, இருபது முப்பது முறை அழுத்தி அழுத்தி விடுங்கள். கறுப்பாக ஒரு கசிவு வெளியே வரும், அதைப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி ஒரு துளி. எழும் வேகம் பக்கத்துப் பின்னுக்குச் சமமாக வரும் வரை செய்யுங்கள். முடிந்ததும் அரை மணி நேரம் மூடியைத் திறந்து காயவிட்டு, அப்புறம்தான் பட்டை வைக்கவேண்டும்.

உயரத்தைப் பார்க்க, கேஸைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடியுங்கள். நான்கு முனைகளும் ஒரே அளவு எட்டிப் பார்க்கவேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்து, ஆல்கஹால் போட்டும் எழவில்லை என்றால் ஸ்பிரிங் களைத்துவிட்டது அல்லது உள்ளே துருப்பிடித்துவிட்டது. மெல்லிய இடுக்கியால் அதன் தலையைப் பிடித்து மேலே இழுக்கிற வித்தையை வீடியோக்களில் காட்டுகிறார்கள். சிக்கிக்கொண்ட பின்னுக்கு அது உதவும், ஸ்பிரிங் போன பின்னுக்கு உதவாது. மறுநாளே மறுபடி தாழ்ந்துவிடும்.

பின் வளைவது என்று பொதுவாகச் சொன்னாலும், ஸ்பிரிங் பின் அவ்வளவு சுலபமாக வளையாது. சாய்ந்து நிற்பதாகத் தெரிந்தால் பல நேரம் முனை நேராகத்தான் இருக்கும், அது நிற்கும் குழாய் கீழே போர்டிலிருந்து சால்டர் விட்டு ஆடிக்கொண்டிருக்கும். கேஸ் கீழே விழுந்த பிறகு ஆரம்பித்த கோளாறு என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்படவேண்டும். மரக்குச்சியால் பக்கவாட்டில் மெல்லத் தள்ளிப் பாருங்கள். முனை மட்டும் துளி அசைவது இயல்பு, பின் முழுவதும் அசைந்தால் சால்டர் போய்விட்டது. முனையே வளைந்திருந்தால் அழுத்தும்போது பாதி வழியில் உரசி நிற்கும். அதை நேராக்க முயன்றால் அநேகமாக ஒடியும், மாற்றுவதுதான் வழி.

மலிவான சில கேஸ்களில் ஸ்பிரிங் பின்னுக்குப் பதில் வளைத்த தகடு இருக்கும், சின்ன நாக்கு மாதிரி தெரியும். அதுதான் உண்மையில் வளையக்கூடியது. பட்டைக் கோணலாகத் திணித்தால் அமுங்கித் தட்டையாகிவிடும். அதை வீட்டிலேயே நிமிர்த்தலாம். மரக்குச்சியின் கூர் முனையைத் தகட்டின் அடியில் நுழைத்து, ஒரே தடவையில் கால் மில்லிமீட்டருக்கு மேல் தூக்காமல், பட்டை வைத்துப் பார்த்து மறுபடி தூக்கவேண்டும். ஒரே நெம்பில் தூக்கினால் வளைவின் அடியில் விரிசல் விடும்.

மல்டிமீட்டர் இருப்பவர்கள் ஒரு படி மேலே போகலாம். ஆனால் வெறுமனே பின்னில் வோல்ட் பார்த்து முடிவுக்கு வரவேண்டாம். பல கேஸ்கள் பட் இருப்பதை உணர்ந்தால்தான் 5 வோல்ட் தரும், காலிக் குழியில் மிகக் குறைவாகக் காட்டுவது கோளாறு இல்லை. அடுத்தது, மீட்டர் கிட்டத்தட்ட மின்னோட்டமே இழுக்காது என்பதால் அழுக்கான பின்னிலும் முழு 5 வோல்ட் தெரியும். பட் இழுக்கும் அளவுக்கு ஒரு சுமையைக் கொடுத்துத்தான் அளக்கவேண்டும். அதற்கு 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போதும், 5 வோல்ட்டில் அது 50 மில்லிஆம்பியர் இழுக்கும்.

தினமும் காலையில் ஓடும் ஒரு தம்பி கொண்டுவந்த கேஸில் இதைச் செய்து பார்த்தேன். உங்களுக்கு வந்திருப்பது போலவே வலது பக்கம் மட்டும் ஏறவில்லை. வெளியே பின்கள் சுத்தமாகத்தான் தெரிந்தன, ரெசிஸ்டர் இல்லாமல் அளந்தால் இரண்டு பக்கமும் 5 வோல்ட். ரெசிஸ்டரின் இரண்டு கால்களையும் பின்களின் மேல் வைத்து, அதன் முனைகளில் அளந்தபோது இடது பக்கம் 4.9 வோல்ட், வலது பக்கம் 3.1. கணக்கு எளிது: 100 ஓமில் 3.1 வோல்ட் என்றால் போவது 31 மில்லிஆம்பியர். காணாமல் போன 1.9 வோல்ட்டை அதனால் வகுத்தால் ஏறத்தாழ 60 ஓம். முனை பளபளப்பாக இருக்கும்போது அந்த 60 ஓம் குழாய்க்குள்தான் ஒளிந்திருக்கவேண்டும். மரக்குச்சியும் ஆல்கஹாலும் வைத்து அழுத்தி அழுத்தி விட்டு, காயவைத்து மறுபடி அளந்ததும் 4.8 வந்தது. பட்டை வைத்தவுடன் சார்ஜ் ஏற ஆரம்பித்தது. இதைச் செய்யும்போது ரெசிஸ்டரைச் சில நொடிகளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம், சூடாகும். உங்களிடமும் ஒரு பக்கம் நன்றாக இருக்கிறது. இடதில் வரும் எண்ணோடு வலதில் வரும் எண்ணை ஒப்பிட்டால் போதும், உங்கள் மாடலின் சரியான அளவு என்ன என்று தேடவேண்டியதே இல்லை.

எல்லாம் சுத்தம், பின்கள் துள்ளுகின்றன, சுமையிலும் இரண்டு பக்கமும் சமம், அப்படியும் ஏறவில்லை என்றால் பட்டின் பேட்டரியைப் பார்க்கவேண்டும். பல நாள் சார்ஜ் இல்லாமல் கிடந்த பட்டின் பேட்டரி 3 வோல்ட்டுக்குக் கீழே போயிருக்கும். அந்த நிலையில் சார்ஜிங் சிப் பாதுகாப்புக்காக வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மின்னோட்டம் கொடுக்கும். கேஸ் அந்தச் சின்ன மின்னோட்டத்தைப் பார்த்து, பட் நிரம்பிவிட்டது என்று எண்ணிச் சப்ளையை நிறுத்திவிடலாம். கேஸைக் கேபிளில் போட்டபடியே பட்டை உள்ளே வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பாருங்கள். பேட்டரி 3 வோல்ட்டைத் தாண்டியதும் தானாக வழிக்கு வந்துவிடும். வரவில்லை என்றால் அந்த பட் முடிந்தது. பட்டின் ஓடு இணைப்பில் பிளவு தெரிந்தாலோ உப்பியிருந்தாலோ இந்த முயற்சியே வேண்டாம், அதைக் கேஸிலிருந்து எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள்.

சால்டர் விட்ட பின், ஒடிந்த பின், எழாத ஸ்பிரிங் இவற்றுக்குக் கேஸைத் திறக்கவேண்டும். உள் தட்டைப் பசையால் ஒட்டியிருப்பார்கள், அடியிலேயே லித்தியம் பேட்டரி இருக்கும். ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பினால் அதைக் குத்திவிட வாய்ப்பு அதிகம், அதனால் பழக்கம் இல்லாதவர்கள் திறக்க வேண்டாம். வாரண்டி இருந்தால் எதையும் திறக்காமல் நேராக சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். வாரண்டி முடிந்திருந்தால் சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் போன் போர்டு வேலை செய்பவர்களிடம் கொடுக்கலாம். பின்னுக்கு ஆகும் செலவு சொற்பம், கூலிதான் விலை. கொடுக்கும்போது “சார்ஜ் ஏறல” என்று மட்டும் சொல்லாமல், எந்தக் குழியில் எந்தப் பின் எழவில்லை அல்லது ஆடுகிறது என்று காட்டிக் கொடுங்கள். பல மாடல்களுக்குக் கேஸ் மட்டும் தனியாகவும் கிடைக்கிறது. அதன் விலை பழுதுக் கூலியை நெருங்கினால் கேஸையே மாற்றிவிடுவேன். வாங்கும்போது மாடல் எண் ஒன்றேதானா என்று பார்த்து, உங்கள் வலது பட்டைக் கடையிலேயே அதில் வைத்து ஏறுகிறதா என்று சோதித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.